பழைய சுவரொட்டியின் தலைப்பில் விழுந்த மடிப்பு: எழுத்தைக் கெடுக்காமல் சரிசெய்வது எப்படி?

தோட்டத்துக் கோயில் திருவிழா, பொங்கல் நாடகம், சங்கக் கூட்டம் என 1950, 60ஆம் ஆண்டுகளில் அச்சான சுவரொட்டிகள் பல வீடுகளில் நான்காக மடித்த நிலையிலேயே கிடைக்கின்றன. ஆண்டு மலருக்கோ கண்காட்சிக்கோ அவற்றை ஸ்கேன் செய்யும்போது, மடிப்பு பெரும்பாலும் தலைப்பின் நடுவிலேயே ஓடியிருக்கும். மடிந்த இடத்தில் மை உதிர்ந்து, எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடு தெரியும்.

ஸ்கேன் செய்யும்போதே பாதி வேலை

மடிப்பில் தெரியும் கறை முழுவதும் மை உதிர்ந்த இடமல்ல. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுவதால், மேடாக நிற்கும் மடிப்பு நிழலும் தருகிறது. தாளை இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிச் சில நாள் விட்டால் மேடு தணியும். இஸ்திரிப் பெட்டியும் செலோடேப்பும் வேண்டாம். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

கறுப்பு வெள்ளைச் சுவரொட்டியானாலும் வண்ணத்தில், 600 dpi அளவில் ஸ்கேன் செய்து TIFF கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு தாளைக் கால் வட்டம் திருப்பி மறுமுறை ஸ்கேன் செய்தால், எதில் நிழல் குறைவோ அதை வைத்துக்கொள்ளலாம். இந்த அளவில் 2 மில்லிமீட்டர் மடிப்பு ஏறக்குறைய 47 புள்ளி அகலம் வரும். நிதானமாக வேலை செய்ய அது போதும்.

தாளுக்கு ஒரு கருவி, எழுத்துக்கு ஒரு கருவி

இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளே இதற்குப் போதுமானது. மூலப்படத்தில் கை வைக்காமல், அதன் அடுக்கை நகலெடுத்து, அந்த நகலில் தொடங்க வேண்டும்.

எழுத்தில்லாத வெற்றுத் தாளில் Heal கருவி நன்றாக வேலை செய்யும். அது சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து நிரப்புகிறது. அதையே எழுத்தின் விளிம்பில் பயன்படுத்தினால், மையும் தாளும் கலந்து சாம்பல் நிறத்தில் கசிந்ததுபோல் ஆகிவிடும். விளிம்புக்கு Clone கருவியே சரி. அது எடுத்த இடத்தை அப்படியே மறு இடத்தில் பதிக்கும்.

தாள் கிழிந்து இரு துண்டும் விலகியிருந்தால் நிரப்புவதற்கு முன் ஒரு துண்டை நகர்த்திப் பொருத்த வேண்டும். எழுத்துகளின் அடிப்பகுதி ஒட்டி ஒரு நேர்கோட்டை இழுத்து வைத்தால், சரிவு உடனே தெரியும்.

‘பிள்ளைகள்’ படும் பாடு

‘தோட்டப் பிள்ளைகள் நாடகம்’ என்ற தலைப்பில், மேலிருந்து கீழாக ஓடும் மடிப்பு ‘ளை’ என்ற எழுத்தைப் பிளந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினியில் ‘ளை’ என்று தட்டி அந்த இடத்தில் ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன்தான் அச்சாயின. இன்றைய ‘ளை’யை ஒட்டினால் சுவரொட்டியின் காலமே மாறிவிடும்.

அதே சொல்லில் ‘ள்’ இருமுறை வருகிறது. ஈய எழுத்தில் அச்சான தலைப்பென்றால், ஒரே அளவு எழுத்தின் வடிவம் ஏறக்குறைய மாறாது. ஆகவே அதன் உடலை எடுத்து, பாதி ஒளிபுகும்படி வைத்து, எஞ்சியிருக்கும் ‘ளை’யின் மேல் பொருத்திப் பார்க்கலாம். பொருந்தும் பகுதியை மட்டும் பதிக்க வேண்டும். துதிக்கை வளைவுக்குக் கீழே நுழைவுச்சீட்டு வரியிலுள்ள ‘விலை’ உதவும். ஆனால் அது சிறிய எழுத்து. பெரிதாக்கினால் கோட்டின் தடிமன் மாறும். அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, மடிப்பின் இருபுறமும் மிஞ்சிய முனைகளை இணைத்து வரைவதே சரி. தலைப்பு ஓவியர் கையால் எழுதியதாக இருந்தால் ஒரு ‘ள’ போல் மற்றொன்று இருக்காது. அங்கே நகலெடுக்காமல் முனைகளை இணைப்பது மட்டுமே வழி.

மையின் நிறத்தையும் பக்கத்து எழுத்திலிருந்தே எடுக்க வேண்டும். பழைய மை முழுக் கறுப்பாக இருப்பதில்லை. முடித்தபின் ஒரே புள்ளி அல்லது கறை அருகருகே இருமுறை தெரிந்தால், நகலெடுத்தது காட்டிக்கொடுத்துவிட்டது என்று பொருள். வேறு இடத்திலிருந்து எடுத்து அதை மாற்றலாம்.

ஊகிக்கக் கூடாத இடம்

ஆண்டின் கடைசி எண் கிழிந்துபோய், அது 6ஆ 8ஆ என்று தெரியாவிட்டால் நிரப்பக் கூடாது. பெயரின் முதலெழுத்துக்கும் இதே விதிதான். கிழிசல் கண்ணுக்குத் தெரிந்தால், படிப்பவர் சந்தேகப்படுவார். அழகாக நிரப்பிய தவறான எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், அடுத்த மலரிலும் அதுவே ஏறும். அந்த இடத்தைத் தாள் நிறத்திலேயே விட்டு, எந்த எழுத்துகள் நிரப்பப்பட்டன என்பதை ஒரு வரியில் குறித்து, திருத்தாத ஸ்கேனையும் உடன் வைத்திருக்க வேண்டும்.