இரவுப்பணியும் கல்லீரல் நொதி உயர்வும்

கல்லீரல் செல்கள் காயப்படும்போது அவற்றுக்குள் இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. ஆய்வகங்கள் வழக்கமாக அளப்பவை இரண்டு: எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. முதலாவது பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்தது. இரண்டாவது தசையிலும் இதயத்திலும்கூட உண்டு. பல ஆய்வகங்கள் இரண்டுக்கும் லிட்டருக்கு 40 யூனிட் வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டினாலும் பெரும்பாலோருக்கு வலியோ மஞ்சள் காமாலையோ வருவதில்லை. அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாதவருக்கு இது தெரியவே வழியில்லை.

இரவுப்பணியாளர் பலரிடம் காணப்படும் போக்கை ஒருவர்மேல் வைத்துப் பார்த்தால் விளங்கும். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. ரிங் ஃபிரேம் பிரிவில் பல ஆண்டுகளாக இரவு ஷிப்ட் பார்க்கும் 46 வயதுக்காரர். ஆலையில் நடக்கும் மருத்துவ முகாம் காலை பத்து மணிக்குத்தான் தொடங்கும். எட்டு மணிக்கு வேலை முடிந்தவருக்கு அது தூங்கும் நேரம். வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். அவரோ விடியற்காலை நான்கு மணிக்கே டீயும் பன்னும் சாப்பிட்டிருப்பார். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று ஒவ்வொரு முகாமும் கழிந்தது. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். முகாம் நேரம் பகல் ஷிப்ட்காரருக்காக வகுக்கப்பட்டது. கல்லீரல் நொதிப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமும் இல்லை.

குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த ரத்தத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. எஸ்.ஜி.பி.டி. 98, எஸ்.ஜி.ஓ.டி. 64. “நான் குடிக்கிறதே இல்லைங்க டாக்டர், எனக்கு எப்படி?” என்பது அவருடைய முதல் கேள்வி. எண்களும் அவர் பக்கமே பேசின. மதுவால் வரும் பாதிப்பில் எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட இரு மடங்குக்கு மேல் போவது வழக்கம், இங்கே எஸ்.ஜி.பி.டி.தான் கூடுதல். மருத்துவர் வலி மாத்திரை, நாட்டு மருந்து, சத்துப் பொடி எல்லாவற்றையும் விசாரித்தார். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை என்று வந்தது. ஸ்கேனில் இரண்டாம் நிலைக் கொழுப்பு தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3 சதவீதம், அதாவது நீரிழிவுக்கு முந்தைய படி.

இரவுப்பணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கல்லீரலுக்குத் தனி உயிர்க்கடிகாரம் உண்டு. மூளையின் கடிகாரத்தை வெளிச்சம் திருப்புகிறது. கல்லீரலின் கடிகாரத்தைச் சாப்பாட்டு நேரமே பெரிதும் திருப்புகிறது. நள்ளிரவில் பரோட்டா சாப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டும். அந்த வேளையில் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செயற்கையாக இரவுப்பணிச் சூழலில் வைக்கப்பட்ட 19 பேரில் இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. ஆனால் அது சிறிய ஆய்வு, அளந்ததும் சர்க்கரையைத்தான். இரவுப்பணி மட்டுமே கொழுப்புக் கல்லீரலை உண்டாக்குகிறது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. எடை, உணவு, தூக்கக்குறை எல்லாம் அதோடு பின்னியே வருகின்றன.

நொதி எண் கசிவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. தழும்பு முற்றிய கல்லீரலில் நொதி இயல்பாகவே இருப்பதும் உண்டு. ஆகவே மருத்துவர் ஃபிப்-4 கணக்கைப் போட்டார். அதற்கு வயது, இரு நொதிகள், ஆயிரங்களில் தட்டணு எண்ணிக்கை ஆகியவை போதும். இவருக்குத் தட்டணு 1,90,000.

(46 × 64) ÷ (190 × √98) = 1.57

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே என்றால் கவலைப்பட வேண்டும். இவர் இடையில் நின்றார். அதனால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கப்பட்டது. 6.4 கிலோபாஸ்கல் வந்தது. 8-க்குக் கீழே என்பதால் முற்றிய தழும்பு இல்லை என்று கொள்ளலாம். ஆனால் கொழுப்பு எப்போது சேரத் தொடங்கியது என்பதை எந்தக் கருவியாலும் சொல்ல முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. தவறிய முகாம்களின் உண்மையான இழப்பு அதுவே.

78 கிலோ எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதே முக்கியச் சிகிச்சை. ஷிப்டுக்குப் புறப்படும் முன் முழுச் சாப்பாடு, நடு இரவில் சுண்டல் அல்லது மோர், சர்க்கரை இல்லாத டீ என்று மாற்றிக்கொண்டார். ஆறு மாதத்தில் எடை 73 கிலோ, எஸ்.ஜி.பி.டி. 52. குறைந்திருக்கிறது, இயல்புக்கு வரவில்லை, மறுபரிசோதனை தொடர்கிறது. இப்படி நொதி உயர்ந்தவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தாமாகவே மூலிகைப் பொடி வாங்கி உண்பதைத் தவிர்க்க வேண்டும். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியாவிலேயே பதிவாகியிருக்கிறார்கள்.