பீப்பாயும் தகர டப்பாவும்

1613-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். ஆஸ்திரிய நாட்டில், டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள லின்ஸ் நகருக்கு அருகே, எஃபெர்டிங்கில் யோகானஸ் கெப்ளரின் இரண்டாம் திருமணம் நடைபெற்றது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டறிந்த அதே கெப்ளர்தான். அவ்வாண்டு திராட்சை விளைச்சல் நன்றாக இருந்தது; வீட்டுக்கென அவர் சில பீப்பாய் மது வாங்கினார். விலை பேச வந்த வியாபாரி, பீப்பாயின் நடு வயிற்றிலுள்ள துளை வழியாக ஓர் அளவுகோலைச் சாய்வாகச் செருகினார். கோலின் முனை அடித்தட்டின் தூர விளிம்பைத் தொட்டதும், நனைந்த நீளத்தைப் பார்த்து விலையைச் சொல்லிவிட்டார்.

கெப்ளருக்கு இது வியப்பளித்தது. நீண்டு மெலிந்த பீப்பாயிலும், குட்டையாய்ப் பருத்த பீப்பாயிலும் கோல் ஒரே நீளத்தைக் காட்டக்கூடும். இரண்டிலும் ஒரே அளவு மதுவா இருக்கும்? இந்தக் கேள்வியே 1615-இல் அவர் லின்ஸ் நகரில் வெளியிட்ட மதுப் பீப்பாய்களின் கனஅளவு பற்றிய நூலாக வளர்ந்தது.

பீப்பாயை ஓர் உருளை என்றே வைத்துக்கொள்வோம். கோல் நனையும் நீளம் 100 செ.மீ. உயரமும் விட்டமும் சமமாயின், உருளை சுமார் 562 லிட்டர் கொள்ளும். உயரம் விட்டத்தைப்போல் இரு மடங்காயின் 555 லிட்டர். நான்கு மடங்காயின் வெறும் 281 லிட்டர். ஆகவே கோலை மட்டும் நம்பினால் ஏமாற்றம் நேரலாம். மிக அதிகமாகக் கொள்வது, உயரம் விட்டத்தைப்போல் √2 மடங்கு, அதாவது 1.414 மடங்கு இருக்கும்போதுதான். அப்போது 604.6 லிட்டர் கிடைக்கும்.

ஆஸ்திரியத் தச்சர்கள் பீப்பாயின் நீளத்தை அடித்தட்டின் ஆரத்தைப்போல் மூன்று மடங்காக, அதாவது விட்டத்தைப்போல் 1.5 மடங்காக வைத்து வந்தனர். இந்த அளவுக்குக் கணக்கிட்டால் 603.2 லிட்டர் வருகிறது. குறைவு ஒன்றரை லிட்டர்கூட இல்லை! இதிலிருந்து கெப்ளர் ஓர் அரிய உண்மையைக் கண்டார்: ஓர் அளவு தன் உச்சத்தை நெருங்கும்போது, அதன் மாற்றம் மிகவும் சொற்பமாகிவிடுகிறது. தச்சர் சற்றே பிசகினாலும் வாங்குபவருக்குப் பெரிய நட்டமில்லை.

இந்த உண்மையை ஒரு கணக்கு முறையாக மாற்றியவர் பிரான்சு நாட்டின் பியர் தெ ஃபெர்மா. 1630-களில் அவர் தம் முறையைக் கடிதங்கள் வழியே பிற அறிஞர்களுக்குத் தெரிவித்தார். மாறும் அளவுடன் மிகச் சிறிய ஒன்றைக் கூட்டிப் பார். உச்சத்தில் விளைவு மாறுவதில்லை என்று கொண்டு சமன்பாடு அமைத்துத் தீர்வு காண் என்பதே அதன் சாரம். இன்றைய மொழியில் சொன்னால், முதல் வகைக்கெழுவைச் சுழியாக்குவது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மலையின் உச்சியிலும் தரை மட்டமாக இருக்கும். பள்ளத்தின் அடியிலும் மட்டமாகவே இருக்கும். கிடைத்த விடை பெருமமா, சிறுமமா என்று அந்தச் சமன்பாடு சொல்லாது. 30 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் x செ.மீ. சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்து மூடியில்லாப் பெட்டி செய்வதாகக் கொள்வோம். கனஅளவு V = x(30 − 2x)². வகைக்கெழுவைச் சுழியாக்கினால் x = 5, x = 15 என இரு விடைகள் வருகின்றன. முதலாவதில் பெட்டி 2000 க.செ.மீ. கொள்ளும். இரண்டாவதில் அட்டை முழுவதும் வெட்டுண்டு போக, பெட்டியே மிஞ்சுவதில்லை!

இவற்றைப் பிரித்தறியும் வழியை 1684-இல் லைப்னிட்ஸ் தம் வகை நுண்கணிதக் கட்டுரையில் காட்டினார். வளைவரை எப்பக்கம் வளைந்துள்ளது என்பதை வேறுபாடுகளின் வேறுபாடு, அதாவது இரண்டாம் வகைக்கெழு, சொல்லிவிடும். அது குறையெண்ணாயின் பெருமம், மிகையெண்ணாயின் சிறுமம். நம் பெட்டிக்கு அது 24x − 240. x = 5 எனில் −120; ஆகவே பெருமம். x = 15 எனில் +120; ஆகவே சிறுமம். சுழியே வந்தால் மட்டும் இச்சோதனை ஒன்றும் சொல்லாது. வேறு வழியில் ஆராய வேண்டும்.

இனி ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொள்வோம். அது 1000 க.செ.மீ. கொள்ள வேண்டும், செலவாகும் தகடு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆரம் r எனில், அடியும் மூடியும் சேர்ந்து 2πr², சுற்றுச்சுவர் 2000/r. எனவே S = 2πr² + 2000/r. வகைக்கெழு 4πr − 2000/r². இதைச் சுழியாக்கினால் r = 5.42 செ.மீ., உயரம் 10.84 செ.மீ. உயரமும் விட்டமும் சமம். தகடு 553.6 ச.செ.மீ.

இது உண்மையிலேயே சிறுமந்தானா? இரண்டாம் வகைக்கெழு 4π + 4000/r³. நம் விடையில் இதன் மதிப்பு 12π, மிகையெண். அது மட்டும் போதுமா? அருகிலுள்ள டப்பாக்களைவிட இது மேல் என்பதை மட்டுமே அந்த ஓர் எண் காட்டுகிறது. தொலைவில் இன்னும் ஆழமான பள்ளம் ஒன்று இருக்கலாமே! ஆனால் இக்கோவை, r எந்த மிகையெண்ணாயினும் மிகையெண்ணே. அதாவது வளைவரை முழுவதும் கிண்ணம்போல் மேல்நோக்கியே வளைகிறது. கிண்ணத்துக்கு அடி ஒன்றுதான். ஆரம் 1 செ.மீ. எனில் தகடு 2006 ச.செ.மீ., 20 செ.மீ. எனில் 2613 ச.செ.மீ. என இரு புறமும் அது ஏறிச் செல்வதைக் கணக்கிட்டும் பார்க்கலாம்.

கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் இதே வடிவந்தான் வரும். 553.6 ச.செ.மீ. தகட்டைக் கொண்டு வேறொரு வடிவில் 1000 க.செ.மீ.க்கு மேல் கொள்ளும் டப்பா செய்ய முடிந்தால், அதே வடிவைச் சற்றுச் சுருக்கி, குறைந்த தகட்டில் 1000 க.செ.மீ. டப்பா செய்துவிடலாம். அது இயலாது என்று மேலே கண்டோம்.

அப்படியானால் கடைகளிலுள்ள டப்பாக்களில் பல ஏன் விட்டத்தைவிட உயரமாக இருக்கின்றன? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, வட்டத்தைத் தகட்டிலிருந்து வெட்டும்போது மூலைகள் வீணாவது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சதுரம் செலவாவதாகக் கொண்டால், 2πr² என்ற இடத்தில் 8r² வரும். அப்போது r சரியாக 5 செ.மீ., உயரம் 12.73 செ.மீ., தகடு 600 ச.செ.மீ. இங்கும் இரண்டாம் வகைக்கெழு எப்போதும் மிகையெண்ணே. பழைய விடையான 5.42-ஐயே வைத்திருந்தால் 604 ச.செ.மீ. செலவாகியிருக்கும். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. லின்ஸ் நகரத்துப் பீப்பாயில் கெப்ளர் கண்ட அதே உண்மைதான் இங்கும் தென்படுகிறது.