ஆர்க்கிடெக்ட்: சட்டம் காக்கும் பெயர்

கிரேக்கத்தில் 'தலைமைத் தச்சர்' என்று பொருள்பட்ட சொல்லே ஆர்க்கிடெக்ட் ஆயிற்று. இந்தியாவில் இன்று அது தொழிலைக் குறிப்பதைவிட ஒரு பதிவேட்டையே அதிகம் குறிக்கிறது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்டடக்கலைத் தகுதி பெற்று, கட்டடக்கலை மன்றத்தில் பெயரைப் பதிந்தவரே இப்பெயரைச் சூடலாம். பட்டம் மட்டும் போதாது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுப் பெயர் நீக்கப்பட்டாலும் பலகையை இறக்கவேண்டியதுதான். 37ஆம் பிரிவு தடுப்பது பெயரைத்தான், வேலையை அல்ல. 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்', 'நேவல் ஆர்க்கிடெக்ட்' என்போருக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. கப்பலை வடிவமைப்பவர்மேல் வழக்குப் போட யாருக்கு மனம் வரும்?

2020இல் நொய்டா ஆணையப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 37ஆம் பிரிவின் இந்த வரம்பை உறுதிசெய்தது. பதிவில்லாதவர் வடிவமைப்பு வேலை பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவர் வகிக்கும் பதவியின் பெயரில் 'ஆர்க்கிடெக்ட்' இருக்கக்கூடாது என்றது. வரைபடம் போடுவதை யாருக்கும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் காப்பது வெறும் கௌரவப் பிரச்சினை என்பார்கள். அப்படியில்லை. சிற்றூரில் கொத்தனாரும் பொறியாளரும் வரைந்த வீடுகளே அதிகம். அவர்களைத் தடுத்தால் கட்டுமானமே நின்றுவிடும். பெயரைக் காத்தால், வீடு கட்டுபவருக்குத் தாம் யாரை அமர்த்துகிறோம் என்பது தெரியும். தவறு நேர்ந்தால் மன்றத்தில் புகார் தரவும் வழியுண்டு. சட்டத்தின் உண்மையான பலவீனம் வேறிடத்தில்: பெயரை முறைகேடாகச் சூடினால் முதல்முறை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். பெயர்ப்பலகை எழுதும் கூலியே அதைவிட அதிகம்.