இருமொழி வினாத்தாள் சமநிலை

ஒரே பரீட்சையின் சிங்கள, தமிழ் வினாத்தாள்கள் பொருளிலும் கடினத்திலும் ஒத்திருப்பதே இருமொழி வினாத்தாள் சமநிலை. இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் தேசியப் பரீட்சைகளுக்கு இது எவ்வளவு முக்கியமோ, பாடசாலைத் தவணைப் பரீட்சைக்கும் அவ்வளவு முக்கியம். கண்டித் திரித்துவக் கல்லூரி போல இரு மொழிமூல வகுப்புகளும் ஒரே வளவில் நடக்கும் பாடசாலைகளில் இந்தக் கேள்வி தவணைதோறும் எழும்.

சொற்கள் சரியாக இருந்தும் கணக்கு மாறிவிடலாம். ஒரு தாயக்கட்டையை ஒருமுறை உருட்டும்போது ‘5 ஹோ ஈட்ட வெடி’ எண் விழும் நிகழ்தகவு என்ன என்று சிங்களத் தாள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5உம் 6உம் பொருந்துவதால் விடை 1/3. தமிழில் இதை ‘5 இற்கு மேற்பட்ட எண்’ என்று எழுதினால் 6 மட்டுமே எஞ்சும். விடை 1/6 ஆகிவிடும். தெரிவுகளில் இரண்டும் இருந்தால், வாசித்ததற்குச் சரியாக விடையளித்த தமிழ் மாணவர் புள்ளியை இழப்பார். அந்த இடத்தில் ‘5 அல்லது அதற்குக் கூடிய எண்’ என்றே எழுதவேண்டும்.

பொருள் மாறாமலே கடினம் மட்டும் மாறுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். தாவரத்தின் ‘ஒளித்தொகுப்பு’க்குத் தேவையானது எது என்று கேட்டால், தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிலேயே ஒளி தெரிகிறது. சிங்களத்தின் ‘பிரபாசங்ஸ்லேஷணய’ வடமொழிச் சொல். அன்றாடப் பேச்சில் வெளிச்சத்துக்கு ‘எளிய’ என்பார்கள். இங்கே அநீதி சிங்கள மாணவருக்கு. எழுத்து வரிசை, சொல் ஒளிப்பு வகைக் கேள்விகளை மொழிபெயர்க்கவே முடியாது. அதே திறனைச் சோதிக்கும் வேறொரு கேள்வியைத்தான் ஆக்கவேண்டும்.

அச்சுக்கு முன், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தாளைக் கொடுத்துச் சிங்களத்துக்குத் திருப்பி எழுதச் சொல்வது ஒரு சோதனை. தாயக்கட்டைப் பிழை இதில் அகப்படும். ஒளித்தொகுப்பு அகப்படாது, ஏனெனில் அது சரியான மொழிபெயர்ப்பு. எனவே இரு மொழி ஆசிரியர்களும் அருகருகே அமர்ந்து ஒவ்வொரு வினாவுக்கும் தாமே விடை எழுதிப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பரீட்சைக்குப் பின் விடைத்தாள்களே சாட்சி. மொத்தத்தில் ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்ற மாணவர்களை எடுத்து, ஒவ்வொரு வினாவாக ஒப்பிடவேண்டும். அந்தக் குழுவில் ஒரு வினாவுக்குச் சிங்கள மாணவர் 100 பேரில் 70 பேரும், தமிழ் மாணவர் 50 பேரில் 20 பேரும் சரியாக எழுதினால், 70 வீதத்துக்கும் 40 வீதத்துக்கும் இடையிலான வெளி அந்த வினாவைச் சந்தேகிக்கச் சொல்கிறது. மொத்தப் புள்ளியைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் பொதுவான கற்றல் வேறுபாடும் மொழிக் குறையும் கலந்துவிடும். ஓர் அலகின் எல்லா வினாக்களிலும் அதே வெளி தெரிந்தால், அந்த அலகு ஒரு பக்கத்தில் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பேரே இருந்தால் இந்த எண்களை நம்ப முடியாது.

தரம் 5 புலமைப்பரிசிலுக்கு மொழிமூலம் வாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வெளியிடப்படுகின்றன. ஆனால் வெட்டுப்புள்ளி மொத்தத்தையே ஈடுசெய்யும். ஒரு தனி வினா பிழையாகக் கேட்கப்பட்டதால் ஒரே மொழிமூலத்துக்குள் மாணவரின் வரிசை மாறுவதை அது திருத்தாது.