அடுக்கு, வரிசை: தடமறிதல் வினாக்கள்

ஒரே செயல்தொடரை ஸ்டாக் எனும் அடுக்கிலும் கியூ எனும் வரிசையிலும் ஓட்டி, மதிப்புகள் வெளிவரும் முறையை எழுதச் சொல்லும் கணினியியல் தேர்வு வினாக்கள். அடுக்கில் கடைசியாக வந்தது முதலில் வெளியேறும். வரிசையில் முதலில் வந்ததே முதலில் வெளியேறும்.

எடுத்துக்காட்டு: 1, 2 சேர், ஒருமுறை நீக்கு, 3, 4 சேர், மும்முறை நீக்கு. வரிசை 1, 2, 3, 4 எனத் தரும். அதை அப்படியே திருப்பிப் போட்டு, அடுக்குக்கு 4, 3, 2, 1 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. முதல் நீக்கத்தின்போது 3, 4 இன்னும் உள்ளே வரவேயில்லை. மேலே இருப்பது 2, அதுவே போகும். பிறகு 1-இன் மேல் 3, 4 ஏறுவதால் 4, 3, 1 என வெளிவரும். விடை: 2, 4, 3, 1. சேர்ப்பெல்லாம் முடிந்த பின்னரே நீக்கம் தொடங்கினால்தான் முழுத் தலைகீழ் கிடைக்கும்.