வாடகை வீட்டுக் கணக்கு: பெயிண்ட் அடிச்ச பில் வேற, ரூம் கட்டின பில் வேற!

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பலர், வருஷம் முழுக்கச் சேர்ந்த பில்களை ஒரே கவரில் போட்டு ஆடிட்டரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ‘இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன், வரியில கழியாதா?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பதில், அது எந்த மாதிரி செலவு என்பதைப் பொறுத்தது.

மதுரையில் ஒருவர் தன் மாடி வீட்டை மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் மார்ச் வரை வாடகை 1,44,000 ரூபாய். இதில் முதலில் கழிவது சொத்து வரி. அவர் கட்டியது 4,000 ரூபாய். அந்த நிதியாண்டுக்குள், ஓனரே கட்டியிருந்தால்தான் இது கழியும். குடியிருப்பவர் கட்டினால் கழியாது.

மீதி 1,40,000. இதில் 30 சதவீதம், அதாவது 42,000 ரூபாயை சட்டமே கழித்துவிடுகிறது. பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இது உண்டு. கடைசியில் வருமானமாகக் காட்ட வேண்டியது 98,000 ரூபாய். திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இந்தக் கணக்கில் வராது.

ரிப்பேர் பில் எங்கே போச்சு?

அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே போயிடுச்சு. பெயிண்ட் 25,000, ஒழுகின கூரையைப் பூசினது 8,000, மோட்டார் காயில் கட்டினது 4,000 என அவர் செலவு 37,000 ரூபாய். ஆனாலும் கழிவு 42,000தான். ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாவிட்டாலும் 42,000, லட்ச ரூபாய் செலவு பண்ணினாலும் அதே 42,000. ரிப்பேருக்கு கடன் வாங்கியிருந்தால் மட்டும் அதன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம்.

அதே வருஷம் 1,60,000 ரூபாயில் புதுசா ஒரு பாத்ரூம் கட்டினார். இது மேம்பாட்டுச் செலவு. இந்த வருஷ வாடகையில் பைசா கழியாது. ஆனால் வீட்டை விற்கும்போது, வாங்கின விலையோடு இதையும் சேர்த்து லாபத்தைக் குறைக்கலாம். 2 வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால், 12.5 சதவீத வரியில் 20,000 ரூபாய் மிச்சம். சும்மா விடுற தொகையா அது? (2001 ஏப்ரல் 1-க்கு முன் செய்த வேலைகள் மட்டும் சேராது.)

எப்படிப் பிரிப்பது?

இருந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் ரிப்பேர். இல்லாத ஒன்று புதுசா வந்தால் மேம்பாடு. ஒழுகலைப் பூசினால் ரிப்பேர், மேலே ரூம் எழுப்பினால் மேம்பாடு. சிக்கல் வருவது, ரெண்டு வேலையையும் ஒரே மேஸ்திரி செய்து மொத்தமாக ஒரு தொகை வாங்கும்போதுதான். பின்னாடி பிரிக்கவே முடியாது. வேலை ஆரம்பிக்கும்போதே ரெண்டு தனி பில் கேளுங்க, பணத்தையும் வங்கி வழியாகக் கொடுங்க.

ரிப்பேர் பில் ரிட்டர்னுக்குத் தேவைப்படாது. மேம்பாட்டு பில்லை மட்டும் வீட்டுப் பத்திரத்தோடு, விற்கும் வரை வைத்திருக்க வேண்டும். டைல்ஸ் கடையில் மெஷினில் அடித்துத் தரும் பில் சில வருஷத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க.