நிரைவழி அணுகல்

ஈரடுக்கு அணியொன்றின் உறுப்புகளை, நிரை நிரையாகப் படிக்கும் முறை. சி மொழி ஒரு நிரையை முழுதும் வைத்துவிட்டு அடுத்த நிரையைத் தொடங்குவதால், அம்மொழியில் நிரைவழிச் செல்வதே வேகமானது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1957இல் ஃபார்ட்ரான் வெளிவந்த ஐபிஎம் 704 கணினியின் காந்த உள்ளக நினைவகத்தில் எந்த இடத்தைப் படித்தாலும் ஒரே நேரம்தான் ஆனது. எந்த ஒழுங்கில் படித்தாலும் வேறுபாடில்லை. பின்னர்ச் செயலி வேகமெடுக்க, நினைவகம் பின்தங்கியது. பெரிய நினைவகத்தின் முன்னால் சிறிய, விரைவான நினைவகமொன்றை வைக்கலாம் என்று மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேஷ் என்ற பெயரும் அப்போதுதான் நிலைத்தது.

கேஷ் ஒற்றை எண்ணை எடுத்து வருவதில்லை. இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு கேஷ் லைன் 64 பைட். 8 பைட் எண்கள் எட்டு அதில் அடங்கும். 4096 நிரை, 4096 நிரல் கொண்ட அணியைக் கூட்டுவதாகக் கொள்வோம். அதன் அளவு 128 எம்பி.

```c
for (i = 0; i < 4096; i++)
    for (j = 0; j < 4096; j++)
        s += a[i][j];
```

இதில் முதல் எண்ணுக்காக வரும் லைன், அடுத்த ஏழு எண்களையும் கூடவே கொண்டுவருகிறது. அடுத்து வேண்டியதையும் செயலி ஊகித்து முன்கூட்டியே வரவழைத்துவிடும். இரு சுழற்சிகளையும் இடம் மாற்றினால் ஒவ்வோர் அடியும் 32,768 பைட் தாவுகிறது. எட்டு எண்களில் ஒன்றே பயன்படுகிறது. ஒரு நிரலை முடிக்க 4096 லைன்கள் வேண்டும். 32 கேபி கொண்ட எல்1 கேஷில் இருப்பதோ 512 இடங்கள். அடுத்த நிரலுக்குத் திரும்பும்போது பழைய லைன் வெளியேறியிருக்கும். அளவு இரண்டின் அடுக்காக இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது: எட்டு இடம் கொண்ட ஒரே தொகுதியில்தான் அந்த நிரலின் லைன்கள் எல்லாம் போட்டியிடுகின்றன. ஒவ்வொரு நிரையின் முடிவிலும் எட்டு வெற்று எண்களைச் சேர்த்தால் இந்தப் போட்டி தணியும்.

லினக்ஸில் `perf stat -e L1-dcache-load-misses` கட்டளையை இரு வடிவங்களுக்கும் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆனால் `gcc -O3` சில வேளை சுழற்சிகளைத் தானே இடம் மாற்றிவிடுவதால், `-O1` கொண்டு அளப்பது நல்லது. 50க்கு 50 அணி 20,000 பைட்தான். அது எல்1 கேஷுக்குள்ளேயே அடங்குவதால் எந்த வழியில் சென்றாலும் பெரிய வேறுபாடில்லை.

அணியைத் திருப்பிப் போடும்போது ஒன்றை நிரைவழி படித்தால் மற்றதை நிரல்வழி எழுதியே ஆகவேண்டும். அங்கே அணியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கேஷுக்குள்ளேயே முடிப்பதுதான் வழி. ஃபார்ட்ரான் இன்றும் நிரல் நிரலாகவே அடுக்குகிறது. சி மொழிப் புரோகிராமை அதற்கு மாற்றுவோர் முதல் சுட்டெண்ணை உள் சுழற்சியில் வைக்க வேண்டும்.